காய்ச்சல் நாலு நாளில் விட்டது, விரல் நாலு மாதமாக மடங்கவில்லை

"டாக்டர், எனக்கு 46 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிறேன். நாலு மாதத்துக்கு முன் சிக்குன்குனியா வந்து, காய்ச்சல் நாலே நாளில் விட்டுவிட்டது. ஆனால் இன்றுவரை காலையில் விரல் மடங்கவில்லை, மணிக்கட்டும் கணுக்காலும் வீங்குகின்றன. மெடிக்கலில் தரும் மாத்திரை செட் போட்டால் வலி பறந்துவிடுகிறது, நிறுத்தினால் மூன்றாம் நாள் திரும்ப வருகிறது. போன வாரம் ரத்தம் எடுத்ததில் சிக்குன்குனியா ஐஜிஎம் பாசிட்டிவ், ஆர்.ஏ. ஃபேக்டர் 28 என்று வந்திருக்கிறது. கிருமி இன்னும் உடம்பில் இருக்கிறதா? இல்லை இது முடக்குவாதமா? மறுபடி கொசு கடித்ததால் வருகிறதா?"

அம்மா, முதலில் அந்த ஐஜிஎம் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் பயத்தில் பாதி அந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது. ஐஜிஎம் என்பது கிருமி இல்லை. கிருமியைப் பார்த்து உங்கள் உடம்பு செய்துவைத்த எதிர்ப்புப் பொருள். காய்ச்சல் தொடங்கி நாலைந்து நாளில் அது ரத்தத்தில் தெரிய ஆரம்பிக்கும், அதற்குப் பிறகு மூன்று நாலு மாதம் வரைக்கும், சிலருக்கு இன்னும் கூடுதலாகவும், பாசிட்டிவ் என்றே காட்டிக்கொண்டிருக்கும். வைரஸ் ரத்தத்தில் இருப்பது ஏறக்குறைய முதல் ஒரு வாரம்தான். அந்த ஒரு வாரத்தில் அது எக்கச்சக்கமாகப் பெருகும், அதனால்தான் காய்ச்சல் அவ்வளவு கடுமையாக வருகிறது, எதிர்ப்புப் பொருள் வந்ததும் ரத்தத்தில் இருந்து துடைத்தெடுக்கப்படுகிறது. ஆக உங்கள் ரிப்போர்ட் சொல்வது ஒன்றே ஒன்று: சில மாதங்களுக்கு முன் உங்களுக்கு வந்தது சிக்குன்குனியாதான். இன்னொரு முறை ஐஜிஎம் எடுத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, அதற்குக் கொடுக்கும் காசு வீண்.

மறுபடி கொசு கடித்தது காரணமா என்றால், அதுவும் இல்லை. சிக்குன்குனியா ஒருமுறை வந்தவருக்கு நீண்டகால எதிர்ப்பு சக்தி கிடைத்துவிடுகிறது. உங்கள் வலி ஒரு வாரம் குறைந்து அடுத்த வாரம் கூடுவது புதுத் தொற்று இல்லை, அந்தப் பழைய வீக்கமே ஏறி இறங்குகிறது.

அப்படியானால் வைரஸ் போன பிறகு மூட்டில் என்னதான் நடக்கிறது? மூட்டின் உள்பக்கத்தில் மெல்லிய ஒரு சவ்வு இருக்கிறது, எலும்பு முனைகள் உரசாமல் வழுக்கிப்போக எண்ணெய் மாதிரி ஒரு நீரைச் சுரப்பது அதன் வேலை. சிக்குன்குனியா வைரஸுக்கு இந்தச் சவ்வில் உள்ள செல்களும், அதைச் சுற்றியுள்ள தசைநார் உறைகளும், தசையும் ரொம்பப் பிடித்த இடம். முதல் வாரத்தில் அங்கேயும் போய்ப் பெருகுகிறது. அதை ஒழிக்க உடம்பு மாக்ரோஃபேஜ் என்கிற பெரிய வெள்ளை அணுக்களைப் படைபடையாக மூட்டுக்குள் அனுப்புகிறது. அவை வைரஸையும், வைரஸ் புகுந்த செல்களையும் விழுங்குகின்றன, விழுங்கும்போது இன்டர்லூகின் 6 மாதிரியான அழற்சிப் பொருள்களைக் கக்குகின்றன, அதனால் சவ்வு தடித்து, நீர் கூடி, மூட்டு வீங்குகிறது. வெள்ளம் வந்த வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இரண்டு நாளில் வடிந்துவிடும், சேற்றை அள்ள மாதக்கணக்காகும், அள்ளும் ஆட்கள் வீட்டுக்குள் இருக்கிற வரை புழங்க முடியாது. உங்கள் மூட்டில் இப்போது இருப்பது தண்ணீர் இல்லை, சேறும் ஆட்களும்.

அந்தச் சேறு என்ன என்பதில்தான் ஆராய்ச்சியாளர்களிடையே இன்னும் பேச்சு நடக்கிறது. இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில் 2005-06இல் மக்களில் மூன்றில் ஒருவருக்குச் சிக்குன்குனியா வந்தது. அங்கே ஒரு நோயாளிக்குப் பதினெட்டு மாதம் கழித்து மூட்டுச் சவ்வை எடுத்துப் பார்த்தபோது, அதில் இருந்த மாக்ரோஃபேஜ்களுக்குள் வைரஸின் மரபணுத் துண்டுகள் தெரிந்தன. குரங்குகளில் செய்த சோதனையிலும் மாதக்கணக்கில் அந்த மிச்சம் இருந்தது. ஆனால் கொலம்பியாவில் 2014-15இல் நோய் வந்து, இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவான காலம் கழித்தும் மூட்டு வீக்கம் விடாத 38 பேரின் மூட்டு நீரை எடுத்துப் பார்த்தபோது ஒருவரிடம்கூட வைரஸ் இல்லை. என் கருத்து இரண்டும் உண்மை என்பதே. சவ்வின் ஆழத்தில் செத்த வைரஸின் துண்டு துணுக்கு சிலருக்குக் கொஞ்ச நாள் ஒட்டியிருக்கலாம், அதைப் பார்த்து உடம்பு இன்னும் எச்சரிக்கையாக இருக்கிறது. சிலருக்கோ துணுக்கும் போய்விடுகிறது, ஆனாலும் தொடங்கிய அழற்சி தானே ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டில் எதுவாக இருந்தாலும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, உங்கள் மூட்டில் கொல்வதற்கு உயிருள்ள கிருமி இருப்பதற்கான சான்று இல்லை. அதனால் ஆன்டிபயாடிக் போட்டுப் பிரயோஜனம் இல்லை, உங்கள் வலி வீட்டில் யாருக்கும் தொற்றாது.

இது யாருக்கு இழுக்கும் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லலாம். நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள், பெண்கள், முதல் வாரத்தில் வலி ரொம்பக் கடுமையாக இருந்தவர்கள், ஏற்கெனவே தேய்ந்த அல்லது அடிபட்ட மூட்டு உள்ளவர்கள். வைரஸ் பழைய காயத்தைத் தேடிப்போவது போலவே இருக்கும். பத்து வருடத்துக்கு முன் கணுக்கால் பிசகியவருக்கு அந்தக் கணுக்காலே கடைசிவரை விடாது. நீங்கள் நாள் முழுக்கத் துணியைத் தள்ளிக்கொடுக்கும் அந்த மணிக்கட்டும், மிதியை அழுத்தும் கணுக்காலும் உங்களுக்கு வீங்குவதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். "சிக்குன்குனியா மூட்டு வலி" என்று நாம் ஒரே பெயரில் சொல்வது உண்மையில் மூன்று தனித்தனி வலிகள். மூன்றும் ஒரே ஆளுக்கு இருக்கலாம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. எது உங்களுக்கு என்று நீங்களே பாதி கண்டுபிடித்துவிடலாம்.

முதல் வகை, மூட்டுச் சவ்வின் வீக்கம். இதன் அடையாளம் காலை விறைப்பு. எழுந்ததிலிருந்து விரல் முழுசாக மடங்கும் வரை எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துவையுங்கள். அரை மணிக்கு மேல் என்றால் அது அழற்சி வலி. அசைய அசையக் குறையும், சும்மா உட்கார்ந்தால் மறுபடி பிடிக்கும். வீங்கிய மூட்டை அழுத்தினால் கொழகொழவென்று இருக்கும், எலும்பு மாதிரிக் கெட்டியாக இருக்காது. போட்டிருந்த மோதிரம் காலையில் கழலாது, மத்தியானம் கழலும்.

இரண்டாவது, தசைநார் உறையில் வரும் வீக்கம். மணிக்கட்டிலும் கணுக்காலிலும் தசைநார்கள் ஒரு குழாய்க்குள் ஓடுகிற மாதிரி ஓடுகின்றன, அந்தக் குழாய் வீங்கினால் மூட்டே வீங்கியது போலத் தெரியும். மணிக்கட்டில் இது வந்தால் பக்கத்தில் ஓடும் நரம்பு நசுங்கும். ராத்திரி இரண்டு மணிக்குக் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் மரத்துப்போய்த் தூக்கம் கலையும், கையை உதறினால் சரியாகும். சுண்டுவிரல் மரக்காது. இப்படி இருந்தால் அதை டாக்டரிடம் தவறாமல் சொல்லுங்கள், ஏனென்றால் பலர் இதையும் மூட்டு வலி என்றே சொல்லிவிட்டுப் போகிறார்கள், யாரும் நரம்பைப் பார்ப்பதில்லை. குதிகாலில் காலையில் முதல் அடி வைக்கும்போது குத்துகிற வலியும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததே.

மூன்றாவது, பழைய தேய்மானம் கிளறிவிடப்படுவது. பெரும்பாலும் முழங்கால். இது காலையைவிடச் சாயந்திரம் அதிகம் இருக்கும், படி இறங்கும்போது வலிக்கும், காலை விறைப்பு பத்து நிமிடத்தில் போய்விடும். இதற்குத் தொடைத்தசையைப் பலப்படுத்தும் பயிற்சியே பிரதான வைத்தியம், வீக்கத்தைக் குறைக்கும் பெரிய மாத்திரைகள் எதுவும் தேவைப்படாது.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்களுக்கு முதல் இரண்டும் இருக்கும்போலத் தெரிகிறது.

மெடிக்கல் செட் பற்றி நான் கோபப்படாமல் எழுத முயற்சி செய்கிறேன். சின்னக் கவரில் பெயரில்லாமல் நாலைந்து மாத்திரை போட்டுத் தருவார்கள் இல்லையா, அதில் பெரும்பாலும் ஒரு வலி மாத்திரை, ஒரு வாயு மாத்திரை, அப்புறம் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை இருக்கும். அது பெரும்பாலும் டெக்சாமெத்தசோன் அல்லது பீட்டாமெத்தசோன் என்கிற ஸ்டீராய்டு. டெக்சாமெத்தசோனின் வேலை உடம்பில் ஒன்றரை நாளில் இருந்து இரண்டு நாள் வரை ஓடும். நீங்கள் "மூன்றாம் நாள் திரும்ப வருகிறது" என்று எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்தக் கணக்குதான். அழற்சியை அது அமுக்கி வைக்கிறது, கையை எடுத்ததும் எழுந்துவிடுகிறது. அப்படி விட்டுவிட்டுப் போட்டுக்கொண்டே இருந்தால் சர்க்கரை ஏறும், ரத்த அழுத்தம் ஏறும், முகம் உப்பும், எலும்பு மெலியும், நோய் எந்த நிலையில் இருக்கிறது என்று டாக்டருக்கும் புரியாது. ஸ்டீராய்டே கூடாது என்று சொல்லவில்லை. கடுமையான வீக்கத்துக்கு, சர்க்கரை பார்த்து, குறைந்த அளவில், சில வாரத்துக்கு மட்டும், படிப்படியாகக் குறைத்து நிறுத்துகிற மாதிரி நானே கொடுத்திருக்கிறேன். அளவும் முடிவு நாளும் எழுதாத ஸ்டீராய்டுதான் ஆபத்து. ஒன்று மட்டும் கவனம்: அந்த மாத்திரையை இடைவெளியே இல்லாமல் மூன்று வாரத்துக்கு மேல் தினமும் போட்டிருந்தால் சட்டென்று நிறுத்தாதீர்கள். உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்க மறந்திருக்கும், திடீரென நிறுத்தினால் தலைசுற்றலும் மயக்கமும் வரலாம். கடைக்காரரிடம் மாத்திரையின் பெயரை எழுதி வாங்கிக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

முடக்குவாதச் சந்தேகத்தில் பார்க்கும் அந்த ஆர்.ஏ. ஃபேக்டர் 28க்கு வருகிறேன். பல லேப்களில் இருபதுக்குள் இருந்தால் நார்மல் என்று போடுவார்கள், சில லேப்களில் 14. இந்த அளவுக்குக் கொஞ்சமாகக் கூடியிருப்பது பல வைரஸ் தொற்றுகளுக்குப் பிறகும், வயதானவர்களிலும், ஒன்றுமே இல்லாதவர்களிலும் வரும். இதை மட்டும் வைத்து முடக்குவாதம் என்று முத்திரை குத்தக் கூடாது. அதேசமயம் அசட்டையாக ஒதுக்கவும் கூடாது, ஏனென்றால் சிக்குன்குனியாவுக்குப் பின் வரும் மூட்டு வீக்கம் பார்ப்பதற்கு முடக்குவாதம் மாதிரியே இருக்கும், இரண்டு கையிலும் ஒரே மூட்டுகள், ஒரே காலை விறைப்பு. கொஞ்சம் பேருக்கு உண்மையான முடக்குவாதமே இந்தக் காய்ச்சலுக்குப் பிறகு வெளிப்படுகிறது. பிரித்துச் சொல்ல உதவுவது ஆன்ட்டி சிசிபி என்கிற ரத்தப் பரிசோதனை. அது நன்றாக உயர்ந்திருந்தால் முடக்குவாதத்தின் பக்கம் சாய வேண்டும். நெகட்டிவ் என்றால், கை எக்ஸ்ரேயில் எலும்பு அரிப்பும் இல்லை என்றால், சிக்குன்குனியாவின் மிச்சம் என்றே பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். கூடவே இஎஸ்ஆர், சிஆர்பி இரண்டும் பார்த்தால் அழற்சி எவ்வளவு என்று தெரியும், சிக்குன்குனியாவில் அவை நார்மலாக இருந்தும் மூட்டு வீங்கியிருக்கலாம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களைப் போலவே கையால் பிழைக்கும் ஒரு அம்மாவுக்கு நான் செய்ததைச் சொல்கிறேன், நடைமுறை எப்படி என்று புரியும். ஐம்பது தாண்டியவர், பூ கட்டி விற்பவர், காய்ச்சல் வந்து ஐந்தாவது மாதம் வந்தார். நார் இழுத்து முடிச்சுப் போட முடியவில்லை. காலை விறைப்பு ஒன்றரை மணி நேரம், இரண்டு மணிக்கட்டும் ஒரு கணுக்காலும் வீக்கம், ராத்திரி மூன்று விரல் மரப்பு. சிஆர்பி கூடியிருந்தது, ஆன்ட்டி சிசிபி நெகட்டிவ், எக்ஸ்ரே சுத்தம். அவர் கடைமாத்திரையைச் சில வாரம் தினமும் போட்டிருந்ததால், முதலில் அதைக் கணக்காகக் குறைத்து நிறுத்தினோம். மணிக்கட்டை நேராகப் பிடித்துவைக்கும் பட்டையை ராத்திரி மட்டும் கட்டச் சொன்னேன், மரப்பு மூன்றாவது வாரத்தில் பெருமளவு போய்விட்டது. கிட்னியும் ரத்த அழுத்தமும் பார்த்துவிட்டு ஒரு வலி மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு வாரத்துக்குக் கொடுத்தேன். வீக்கம் அடங்கவில்லை. அதன் பிறகே, முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் என்கிற மருந்தைத் தொடங்கினோம். சிக்குன்குனியாவில் இந்த மருந்துக்கு உள்ள ஆதாரம் முடக்குவாதத்தில் இருக்கும் அளவு வலுவானது இல்லை, அதை அவரிடமும் சொன்னேன், ஆனால் மூன்று மாதம் தாண்டியும் வீக்கம் கண்ணுக்குத் தெரிந்தால் முயற்சி செய்து பார்ப்பது நியாயம் என்று நினைக்கிறேன்.

இந்த மருந்தை யாராவது உங்களுக்கு எழுதினால் ஒரு விஷயத்தை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்: இது வாரத்தில் ஒரே ஒரு நாள் சாப்பிடும் மருந்து. மற்ற மாத்திரைகளைப் போல் தினமும் போட்டுவிட்டு வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் இறங்கி, ஐசியூவில் சேர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். என்ன கிழமை என்று சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். ஃபோலிக் ஆசிட் கூடவே தருவார்கள், ரத்தமும் ஈரலும் அவ்வப்போது பார்க்க வேண்டும், கர்ப்பமாகும் வாய்ப்பு இருந்தால் இது கூடவே கூடாது. அந்தப் பூக்கார அம்மாவுக்குப் பத்தாவது வாரத்தில் காலை விறைப்பு கால் மணி நேரத்துக்கு வந்தது, ஆறேழு மாதத்தில் மருந்தை மெதுவாகக் குறைத்து நிறுத்திவிட்டோம். நடுவில் மார்கழிக் குளிரில் ஒரு வாரம் மறுபடி பிடித்துக்கொண்டது, பயந்துபோய் வந்தார், மருந்தை மாற்றாமலே அடங்கிவிட்டது.

இனி எத்தனை நாள் இது என்று எல்லாரும் கேட்பார்கள். மூன்று வாரத்துக்குள் முடிந்துவிடுபவர்கள் நிறைய, மூன்று மாதம் வரை இழுப்பதும் சகஜம், அதைத் தாண்டினால்தான் நாள்பட்டது என்று நாங்கள் சொல்கிறோம், நீங்கள் இப்போது அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கிறீர்கள். கொலம்பியாவில் ஏறக்குறைய ஐந்நூறு பேரைத் தொடர்ந்து பார்த்ததில் இருபது மாதம் கழித்தும் நாலில் ஒருவருக்கு மூட்டு வலி இருந்தது. மீதி மூன்று பேருக்கு இல்லை. இருபது மாதம் நீண்ட காலம்தான், ஆனால் ஆயுசு முழுக்க என்பதில் இருந்து அது ரொம்பத் தூரம்.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். எழுந்ததும் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் கையை வைத்துப் பத்து நிமிடம் விரலை மடக்கி நீட்டுங்கள். வலிக்கிறதே என்று கையைக் கட்டிப்போட்டு வைக்காதீர்கள், வீங்கிய மூட்டு அசையாமல் இருந்தால் இறுகிவிடும். அதே நேரம் ஓவர்லாக்கில் ஒரே அசைவில் மணிக்கணக்காக உட்காரவும் வேண்டாம். அரை மணிக்கொரு முறை எழுந்து கையைத் தொங்கவிட்டு உதற முடியுமா, ஒன்றிரண்டு மாதத்துக்கு செக்கிங்கோ மடிப்போ தருவார்களா என்று சூப்பர்வைசரிடம் கேட்டுப் பாருங்கள், தேவைப்பட்டால் டாக்டரிடம் அதற்கு ஒரு சீட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரே ஒரு மூட்டு மட்டும் சிவந்து, சூடாகி, காய்ச்சலோடு வீங்கினால் அது சிக்குன்குனியா மிச்சம் இல்லை, மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மூட்டுவாத சிகிச்சை நிபுணர் ஒருவரை இந்த மாதத்துக்குள் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் இந்தப் பிரிவு இருக்கிறது, உங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் இல்லாவிட்டால் எங்கே என்று பொது மருத்துவப் பிரிவில் கேட்டால் எழுதித் தருவார்கள். போகும்போது மூன்று காகிதம் கையில் இருக்கட்டும்: இந்த ரத்த ரிப்போர்ட், கடையில் எழுதி வாங்கிய மாத்திரைப் பெயர்கள், அப்புறம் பதினைந்து நாள் காலை விறைப்பு எத்தனை நிமிடம் என்று நீங்கள் குறித்த கணக்கு. மூன்றில் நான் முதலில் கேட்டு வாங்கிப் பார்ப்பது அந்தக் கடைசிக் காகிதத்தைத்தான்.